தெருவைத் தின்பது தண்ணீர்

எங்கள் ஊர் மேலத்தெருவில் அடிபம்பு இருக்கும் இடத்தை இருட்டிலும் கண்டுபிடித்துவிடலாம். வண்டி ஒரு தடவை இறங்கி ஏறினால் அதுதான் பம்படி. தெரு முழுவதற்கும் ஒரே வாரத்தில், ஒரே தாரும் ஒரே ஜல்லியுமாகத்தான் போட்டார்கள். மற்ற இடத்தில் நாலைந்து வருடம் கிடந்த தார், பம்படியில் மட்டும் இரண்டாவது மழைக்காலத்தைத் தாண்டவில்லை. கேட்டால், "செங்கல் லாரியை உள்ளே விட்டுக் கெடுத்துட்டாங்க" என்பார்கள். செங்கல் லாரி தெருவின் இந்த முனையில் நுழைந்து அந்த முனை வரைக்கும்தான் போனது. பம்படியில் மட்டும் குதித்துவிட்டுப் போகவில்லை.

தெருவுக்கு சிமெண்டா, தாரா என்ற பேச்சு ஊராட்சியில் எழும்போதெல்லாம், எது அதிக பாரம் தாங்கும் என்றே ஆரம்பிக்கிறது. ஊருக்குள் இருக்கும் தெருவுக்கு அந்தக் கேள்வி பொருந்தாது என்பது என் எண்ணம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இலினாய் மாநிலத்து ஒட்டாவா ஊருக்கு அருகே, சோதனைக்கென்றே சாலைகளைப் போட்டு, ராணுவ ஓட்டுநர்களை வைத்து லாரிகளை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார்கள். வண்டியின் ஓர் அச்சில் இறங்கும் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏறக்குறைய பதினாறு மடங்கு ஆகிறது என்று அதில் தெரிந்தது. இன்றும் உலகெங்கும் சாலை வடிவமைப்பில் இந்தக் கணக்குக்கு இடமுண்டு. அதை நம் தெருவுக்குத் திருப்பிப் போட்டால் வேடிக்கையான விடை வரும். எட்டு டன் இறங்கும் ஒரு லாரி அச்சு செய்யும் சேதத்தை, 150 கிலோ இறங்கும் பைக் சக்கரம் செய்ய வேண்டுமென்றால், கிட்டத்தட்ட எண்பது லட்சம் தடவை போக வேண்டும். பைக்கும் சைக்கிளும் எப்போதாவது ஒரு டிராக்டரும் போகிற தெருவைப் பாரம் கெடுப்பதில்லை. கெடுப்பது தண்ணீர்தான்.

தார்ச்சாலை எப்படி நிற்கிறது என்று பார்த்தால் இது புரியும். (நாம் தார் என்று சொல்வது உண்மையில் தார் அல்ல. நிலக்கரியிலிருந்து வருவதுதான் தார். சாலையில் ஊற்றுவது கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அடியில் மிஞ்சும் பிட்டுமன். பழகிய பெயர் என்பதால் தார் என்றே எழுதுகிறேன்.) மேலே கறுப்பாகத் தெரிவது வெறும் இரண்டு சென்டிமீட்டர் கனம். அது போர்வை மாதிரி. பாரத்தைச் சுமப்பது அதற்குக் கீழே ஒன்றோடொன்று இறுக்கிய கப்பிக்கல்லும், அதற்கும் கீழே கிராவலும்தான். கல் கல்லோடு இறுகி நிற்கும் வரை சாலை நிற்கும். இடையில் தண்ணீர் புகுந்தால் மண் குழைந்து கல்லின் பிடி தளரும், மேலே போர்வை வெடிக்கும். குழி மேலிருந்து தெரிந்தாலும் அது கீழிருந்துதான் பிறக்கிறது.

மேல் போர்வைக்குள்ளும் தண்ணீர் தன் வேலையைக் காட்டும். கருங்கல் ஜல்லியின் மேற்பரப்புக்கு எண்ணெயைவிடத் தண்ணீர் மீதுதான் பிரியம் அதிகம். ஈரம் தொடர்ந்து நின்றால் அது தாரை மெல்லத் தள்ளிவிட்டுக் கல்லோடு தான் ஒட்டிக்கொள்ளும். பம்படியில் உதிர்ந்து கிடக்கும் ஜல்லியை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் கழுவிவிட்ட வெள்ளையுமாக இருந்தால் நடந்தது அதுதான். வீட்டுக்கு வீடு சாக்கடை தெருவில் விழுகிற இடம், மாடு கழுவுகிற இடம், குழாய் கசிகிற இடம் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

தெருவில் தாருக்கு இன்னொரு கஷ்டம் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. தார்க் கலவை சுமார் 150 டிகிரி சூட்டில் கலக்கப்பட்டு, சூடு ஆறுவதற்குள் பரப்பி ரோலர் ஓட்டி இறுக்கப்பட வேண்டும். நெடுஞ்சாலையில் இது சுலபம். மூன்று மீட்டர் தெருவில், இருபக்கமும் திண்ணையும் படிக்கட்டும் நீட்டிக்கொண்டிருக்க, எட்டு பத்து டன் ரோலரால் ஓரத்துக்குப் போகவே முடியாது. நடுவில் இறுகும், ஓரம் கையால் தட்டிவிட்டதோடு நின்றுவிடும். ஆனால் தெருவில் தண்ணீர் ஓடுவதோ ஓரத்தில். இறுகாத ஓரத்தில் சாக்கடை ஓடும் தெரு எத்தனை வருடம் தாங்கும்? புதிய தார்த்தெருவில் ஓரத்து ஜல்லியைச் செருப்பு நுனியால் நெம்பிப் பாருங்கள். பெயர்ந்து வந்தால், இரண்டு வருடம் கழித்துக் குழி விழும் இடம் அதுதான்.

கான்கிரீட் வேறு சாதி. தார்ச்சாலை பாரத்தைக் கல்லுக்குக் கல் கடத்திக் கீழே இறக்கும். கான்கிரீட்டோ ஒரு பலகை மாதிரி பாரத்தைத் தானே வாங்கி அகலமாகப் பரப்பிவிடும். அடியில் மண் கொஞ்சம் நெகிழ்ந்தாலும் பலகை தாண்டி நிற்கும். மேலே தண்ணீர் நின்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால் ஆரம்ப நாட்களில் தண்ணீர்தான் அதற்குச் சாப்பாடு. ரோலரும் வேண்டாம், தெருவின் வளைவு நெளிவுக்கு ஏற்பப் பலகை அடித்து ஊற்றிவிடலாம். இந்தக் காரணங்களால்தான் 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில்கூட, ஊருக்கு வரும் சாலை பெரும்பாலும் தாராக இருந்தாலும், குடியிருப்புக்குள் நுழையும் பகுதிக்கு மட்டும் கான்கிரீட் போட்டுக்கொள்ள இடம் வைத்திருக்கிறார்கள்.

இனி பணம். 200 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் உள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். பரப்பு 600 சதுர மீட்டர். நான் போடும் விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊரில் ஜல்லி எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். கணக்கின் வழிதான் முக்கியம்.

தார் என்றால், 15 சென்டிமீட்டர் கிராவலுக்குச் சதுர மீட்டருக்கு 240 ரூபாய், அதன்மேல் 15 சென்டிமீட்டர் கப்பிக்கு 330, மேலே இரண்டு சென்டிமீட்டர் தார்ப்பூச்சும் அதை அடைக்கும் மெல்லிய பூச்சும் சேர்ந்து 330. ஆக 900 ரூபாய். தெருவுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். கான்கிரீட் என்றால், அடியில் 10 சென்டிமீட்டர் கிராவலுக்கு 160, பிளாஸ்டிக் விரிப்பு, இணைப்பு வெட்டு இவற்றுக்கு 65, 15 சென்டிமீட்டர் கான்கிரீட்டுக்கு, கனமீட்டர் 6,500 என்று வைத்தால், 975. ஆக 1,200. தெருவுக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். மூன்றில் ஒரு பங்கு கூடுதல். கான்கிரீட் தாரைவிட இரண்டு மடங்கு ஆகும் என்ற பேச்சு, பழைய கப்பிச்சாலை மேல் வெறும் தார்ப்பூச்சுக்கு ஆகும் செலவையும் புதிய கான்கிரீட்டின் செலவையும் ஒப்பிடுவதால் வருவது. மண்ணிலிருந்து ஆரம்பித்தால் அவ்வளவு வித்தியாசம் இல்லை.

ஆயுள் சேரும்போது கணக்கு புரளும். கிராமச் சாலைகளை வடிவமைக்கும் இந்திய விதிமுறைகளில் தார்ச்சாலைக்குப் பத்து வருடமும் கான்கிரீட்டுக்கு இருபது வருடமும் ஆயுளாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பத்து வருடமும் சும்மா கிடைப்பதில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மேல்பூச்சைப் புதுப்பிக்க வேண்டும். நம் தெருவுக்கு அது ஒவ்வொரு தடவையும் 330 பெருக்கல் 600, கிட்டத்தட்ட 2 லட்சம். இருபது வருடத்தில் மூன்று தடவை என்றால் 6 லட்சம். ஆரம்பச் செலவோடு சேர்த்து, இன்றைய விலையிலேயே 11 லட்சத்தைத் தாண்டும். கான்கிரீட்டில் இணைப்புகளை அடைப்பதற்கு ஐந்து வருடத்துக்கொருமுறை ஓர் இருபதாயிரம் என்று வைத்தாலும் 8 லட்சத்துக்குள் முடியும்.

காசு கணக்குப் பார்ப்பவர்கள் ஒரு நியாயமான ஆட்சேபம் சொல்வார்கள்: பத்து வருடம் கழித்துச் செலவழிக்கும் இரண்டு லட்சமும் இன்று கொடுக்கும் இரண்டு லட்சமும் ஒன்றல்ல. சரிதான், அதைக் கழித்தால் இடைவெளி குறையும். ஆனால் ஊராட்சியில் நடப்பது வேறு. சாலை போடத் திட்டத்தில் பணம் வரும், பராமரிக்க வராது. ஐந்தாம் வருடம் போட வேண்டிய பூச்சு ஒன்பதாம் வருடம்தான் வரும். அதற்குள் கப்பியும் போயிருக்கும். இரண்டு லட்சத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை மறுபடி ஐந்தரை லட்சம் ஆகியிருக்கும். கவனிப்பார் இல்லாத இடத்தில் கான்கிரீட் தாக்குப்பிடிக்கும், தார் தாக்குப்பிடிக்காது. உள்தெருவுக்கு நான் கான்கிரீட் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான்.

அதற்காக, சிமெண்ட் ரோடு என்றாலே இருபது வருடம் என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றே வருடத்தில் பாளம் பாளமாக வெடித்து, மேலே புழுதி பறக்கும் சிமெண்ட் தெருக்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தார்ச்சாலையின் விதி ஒவ்வொரு மழையிலும் முடிவாகிறது என்றால், கான்கிரீட்டின் விதி முதல் இரண்டு வாரத்திலேயே முடிவாகிவிடும்.

முதலில் தண்ணீர். ஆம், இங்கும் அதேதான், ஆனால் கலவைக்குள்ளே. ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. தெருவுக்கு வேண்டிய எம்-30 தரத்துக்கு, மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து, ஒரு மூட்டைக்கு 22 அல்லது 23 லிட்டர் தண்ணீர் போதும். அந்தக் கலவை கெட்டியாக இருக்கும். இழுத்துப் பரப்ப முதுகு ஒடியும். ஆகவே மிக்சர் பக்கத்தில் நிற்பவர் இன்னும் அரைக் குடம் ஊற்றுவார். கலவை பாயசம்போல ஓடும், வேலை பாதி நேரத்தில் முடியும். அந்த அரைக் குடத்தோடு கான்கிரீட்டின் பலத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. சிமெண்ட் தன் ரசாயன மாற்றத்துக்கு எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் தண்ணீர் ஆவியாகிப் போய், இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளை விட்டுச் செல்லும். மேலே மிதந்து வந்த சிமெண்ட் பால்தான் பிறகு புழுதியாகப் பறப்பது. போட்டு ஒரு மாதம் ஆன தெருவில் விளக்குமாற்றால் நாலு தடவை பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வெள்ளைப் பொடி வந்துகொண்டே இருந்தால் குடம் எங்கே போயிற்று என்று தெரிந்துவிடும்.

அடுத்தது கனம். பலகை அடித்த ஓரத்தில் அளந்தால் 15 சென்டிமீட்டர் இருக்கும். தெருவின் நடுவில் அடித்தளம் மேடாக இருந்தால் அங்கே பத்துதான் இருக்கும். ஐந்து சென்டிமீட்டர்தானே என்று விடமுடியாது. ஒரே பாரத்துக்குப் பலகைக்குள் ஏற்படும் இழுவிசை கனத்தின் இருமடிக்கு எதிர்விகிதம். பதினைந்துக்குப் பதில் பத்து என்றால் விசை இரண்டேகால் மடங்காகிவிடும். முதல் மணல் டிராக்டரிலேயே நடுவில் நீளவாக்கில் விரிசல் ஓடும். ஊற்றுவதற்கு முன் இரு ஓரத்துப் பலகைகளுக்கும் குறுக்கே ஒரு நூலை இழுத்துக் கட்டி, நடுவில் நூலிலிருந்து தரைக்கு எவ்வளவு என்று ஒரு பள்ளிக்கூட ஸ்கேலால் பார்த்தால் போதும். மூட்டைக் கணக்கும் உதவும். 600 சதுர மீட்டருக்குப் 15 சென்டிமீட்டர் என்றால் 90 கனமீட்டர், கனமீட்டருக்கு ஏழு மூட்டை, ஆக 630 மூட்டை தெருவில் இறங்கியிருக்க வேண்டும். நானூறோடு வேலை முடிந்தால் கேள்வி கேட்கலாம்.

மூன்றாவது, இணைப்பு. கான்கிரீட் காயும்போது சுருங்கும், இரவில் குளிரும்போது இன்னும் கொஞ்சம் சுருங்கும். இரண்டும் சேர்ந்து மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் என்று வையுங்கள். 200 மீட்டர் தெருவுக்கு அது 10 சென்டிமீட்டர். அடியில் தரை பிடித்துக்கொண்டிருப்பதால் தெரு முழுவதுமாக நகர முடியாது. அந்தப் 10 சென்டிமீட்டரும் எங்காவது விரிசலாகத்தான் வந்தாக வேண்டும். நாலு மீட்டருக்கு ஒரு கோடு வெட்டிவிட்டால் ஐம்பது பலகைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் திறக்கும். கோட்டுக்கு அடியில் விரிசல் விழும், ஆனால் நாம் சொன்ன இடத்தில் விழும். வெட்டின் ஆழம் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஐந்து சென்டிமீட்டர் வேண்டும். வாள் ஓடினால் ஓரம் பிய்யாத அளவுக்கு இறுகியதுமே வெட்டிவிட வேண்டும், மறுநாள் மாலை வரை காத்திருந்தால் விரிசல் முந்திக்கொள்ளும். வெட்டும் இயந்திரம் கிடைக்காத ஊரில், ஒன்றுவிட்டு ஒன்றாகப் பலகைகளை ஊற்றி, பிறகு இடையில் உள்ளவற்றை நிரப்புவது பழைய வழி. அதிலும் குறையில்லை. நயத்துக்காக மேலே கரண்டியால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போவதுதான் ஏமாற்று.

பிறகு பதினான்கு நாள் ஈரம். களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம், சாக்கை நனைத்துப் போடலாம். காண்டிராக்டரின் ஆட்கள் மூன்றாம் நாள் கிளம்பிவிடுவார்கள். அதன்பிறகு அந்தந்த வீட்டு வாசலுக்கு முன்னால் அந்தந்த வீட்டார் இரண்டு குடம் ஊற்றினால், அவர்கள் காசு செலவில்லாமல் தங்கள் தெருவின் ஆயுளைக் கூட்டிக்கொள்கிறார்கள். கலவைக்குள் ஊற்றினால் கேடு செய்யும் அதே குடம் இங்கே நன்மை செய்கிறது.

இனி பழுது. இந்த ஒன்றில் தார் ஜெயிக்கிறது. குழியைச் சதுரமாக வெட்டி, ஈரமண்ணை எடுத்து, கப்பி போட்டு இடித்து, மேலே தார்க்கலவை நிரப்பினால் ஒரு மணி நேரத்தில் வண்டி போகலாம். சூடாக்காமல் போடும் குளிர்கலவையும் இப்போது மூட்டையில் வருகிறது. கான்கிரீட்டில் குழியின் மேல் சிமெண்ட் சாந்து பூசினால் ஒட்டாது, ஓரம் மெலிந்து அப்பளமாகப் பெயர்ந்து வரும். சரியான வழி, கோட்டுக்குக் கோடு அந்தப் பலகையை முழுதாக உடைத்து எடுத்து மறுபடி ஊற்றி, மறுபடி பதினான்கு நாள் நனைப்பது. யாரும் செய்வதில்லை.

ஆகவே கான்கிரீட்டின் முதல் எதிரி கடப்பாரை. 2019-இல் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கி வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் வந்தபோது, முந்தின வருடம் போட்ட சிமெண்ட் தெருக்கள் பல ஊர்களில் நடுவோடு பிளக்கப்பட்டன. எங்கள் கீழத்தெருவும் அதில் ஒன்று. தோண்டிய மண்ணையே இடிக்காமல் தள்ளி, மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார்கள். அடுத்த மழையில் மண் அமர்ந்தது, பூச்சு உள்ளே விழுந்தது. பள்ளத்தின் இருபுறமும் தாங்கல் இழந்த பலகைகள் இப்போது ஆடுகின்றன, பைக் போகும்போது டொக் டொக் என்று சத்தம் கேட்கும். குழாய் இன்னும் வராத தெருவுக்கு, அல்லது பாதாளச் சாக்கடை வரப்போகிற தெருவுக்கு, கான்கிரீட் போடுவது பணத்தைப் புதைப்பது. ஒன்று குழாயை முதலில் போட வேண்டும், இல்லையென்றால் பேவர் பிளாக் பதிக்கலாம், எடுத்துவிட்டுத் திரும்ப அடுக்கிக்கொள்ள முடியும்.

இன்னும் இரண்டு இடத்தில் கான்கிரீட்டுக்கு யோசிக்க வேண்டும். ஒன்று கரிசல் பூமி. மழையில் ஊதி, வெயிலில் பிளக்கும் மண் அது. அடியில் நல்ல கிராவல் கனமாகப் போடாமல் பலகையை மட்டும் ஊற்றினால், மண் தூக்கும்போது தார் வளைந்து கொடுக்கும், கான்கிரீட் ஒடிந்துவிடும். இன்னொன்று, தெருவின் மட்டம். பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே ஊற்றினால் தெரு ஒரே தடவையில் ஒரு சாண் உயரும். வாசற்படி பள்ளமாகி மழைநீர் வீட்டுக்குள் வரும். சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே மேல்தளம் போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசின் தலைமைச் செயலரே அறிவுறுத்தியிருக்கிறார்.

டெல்டா ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நடவுக் காலத்தில் இரும்புக் கேஜ் வீலைக் கழற்றாமல் தெருவில் டிராக்டர் ஓட்டினால், தாரும் தப்பாது, கான்கிரீட்டும் தப்பாது. இணைப்புக் கோட்டின் ஓரங்களை அது கொத்திக்கொண்டே போகும்.

ஊருக்கு வெளியே, வயலுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவே ஓடும் இரண்டு கிலோமீட்டர் இணைப்புச் சாலைக்குத் தார்தான் சரி. அங்கே ரோலர் ஓட இடமுண்டு, தண்ணீர் வடிய இருபக்கமும் பள்ளமுண்டு, யாரும் சாக்கடை விடுவதில்லை. ஊருக்குள் திரும்பி, திண்ணைகளுக்கு நடுவே நுழைகிற இடத்திலிருந்து கான்கிரீட், ஆனால் குழாய் புதைத்த பிறகு.

கிராம சபை வருடத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். உங்கள் தெருவுக்குச் சாலை வருகிறது என்றால், அன்று எழுந்து எஸ்டிமேட்டைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சிமெண்டா தாரா என்பதைக் கேட்பதற்கு முன்னால், இந்தத் தெருவின் தண்ணீர் எந்தப் பக்கம் வடியப்போகிறது, குழாய் எந்த ஓரத்தில் போகிறது என்று கேளுங்கள்.